சைன் அலைகளைக் கூட்டிச் சதுர அலை: விளிம்பில் மட்டும் அடங்காத கொம்பு

சதுர அலைக்கு இரண்டே மதிப்புகள். சுற்றின் முதல் பாதியில் +1, மறுபாதியில் −1. நடுவில் ஏற்றமோ இறக்கமோ கிடையாது, ஒரே தாவல்தான். சைன் அலை அப்படியே எதிர்மாறு. அதில் தட்டையான இடமும் இல்லை, உடைந்த இடமும் இல்லை. இப்படி வழுவழுப்பான அலைகளை மட்டும் கூட்டிச் செங்குத்தான விளிம்பு கொண்ட ஒன்றைக் கட்ட முடியும் என்று 1807இல் ஃபூரியே பாரிஸில் ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். வெப்பம் ஒரு திடப்பொருளில் எப்படிப் பரவுகிறது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. லாக்ராஞ்ச் போன்ற பெரியவர்களே அந்த வழிமுறையை ஏற்கவில்லை. அவர்களுடைய சந்தேகத்தில் நியாயம் இருந்தது. ஃபூரியே சொன்னது சரிதான், ஆனால் "கட்ட முடியும்" என்பதற்கு என்ன பொருள் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தத் தெளிவு தேவைப்படுகிற இடம் தாவலின் ஓரம்.

முதலில் அலையைக் கட்டுவோம். கோணத்தைப் பாகையில் வைத்துக்கொள்ளலாம். 0 முதல் 180 வரை சதுர அலை +1, 180 முதல் 360 வரை −1, அப்புறம் இதுவே திரும்பத் திரும்ப வரும். கூட்டப் போகும் அலைகள் sin x, sin 2x, sin 3x என்று போகும். முதலாவது அடிப்படை அலை. மற்றவை அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அலைவெண் கொண்ட ஹார்மோனிக்குகள். ஒவ்வொன்றையும் எவ்வளவு சேர்ப்பது என்று சொல்லும் எண்தான் குணகம். n ஆவது ஹார்மோனிக்கின் குணகத்தை bₙ என்று குறிப்போம்.

குணகம் எங்கிருந்து வருகிறது

பாடப்புத்தகங்கள் இதை நேராகத் தொகையீட்டில் தொடங்கும். படம் வரைந்து பார்த்தால் இன்னும் சீக்கிரம் புரியும் என்பது என் எண்ணம். சதுர அலையை sin nx ஆல் பெருக்கி, ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுக்க வேண்டும். ஏன் இப்படி? வெவ்வேறு அலைவெண் கொண்ட இரண்டு ஹார்மோனிக்குகளைப் பெருக்கிச் சராசரி எடுத்தால் பூஜ்யம்தான் வரும். ஒரே சைனைத் தன்னோடு பெருக்கினால் மட்டும் சராசரி ½ கிடைக்கும். ஆகவே சதுர அலைக்குள் எத்தனை ஹார்மோனிக்குகள் கலந்திருந்தாலும், sin nx ஆல் பெருக்கிச் சராசரி எடுக்கும்போது n ஆவது மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் விழுந்துவிடும். நின்றதும் பாதியாக நிற்கிறது, எனவே இரண்டால் பெருக்கிக்கொள்கிறோம். அதாவது bₙ என்பது அந்தச் சராசரியின் இரு மடங்கு.

இனி சராசரியைக் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றின் இரண்டு பாதியிலும் ஒரே விடைதான் வரும். ஏனென்றால் மறுபாதியில் சதுர அலையும் குறி மாறுகிறது, ஒற்றைப்படை சைனும் குறி மாறுகிறது. இரட்டைப்படைக்கு இரு பாதியிலும் பூஜ்யம் என்று இதோ பார்க்கப் போகிறோம். ஆகவே 0 முதல் 180 வரை பார்த்தால் போதும். அங்கே சதுர அலை வெறும் 1, எனவே sin nx வரைபடத்தின் கீழே உள்ள பரப்பை எடுத்தால் வேலை முடிந்தது.

n = 1 என்றால் அந்த இடைவெளியில் ஒரே ஒரு மேடு. கோணத்தை ரேடியனில் அளந்தால் அதன் பரப்பு சரியாக 2. n = 2 என்றால் ஒரு மேடு, ஒரு பள்ளம், இரண்டும் சம அளவு, கூட்டினால் பூஜ்யம். n = 3 என்றால் மேடு, பள்ளம், மேடு. முதல் மேட்டைப் பள்ளம் தின்றுவிடும், ஒரு மேடு மிச்சம். ஆனால் அது மூன்றில் ஒரு பங்கு அகலமான மேடு, ஆகவே பரப்பு 2/3. இதே மாதிரி மேலே போனால், இரட்டைப்படை n எல்லாவற்றுக்கும் மேடும் பள்ளமும் ஜோடி ஜோடியாக அழிந்து பூஜ்யம் வரும். ஒற்றைப்படைக்கு எப்போதும் ஒரு மேடு மிஞ்சும், பரப்பு 2/n.

அரைச் சுற்றின் நீளம் π, ஆகவே சராசரி 2/(nπ). அதை இரண்டால் பெருக்கினால் bₙ = 4/(nπ). தொடர் இதுதான்:

```
f(x) = (4/π) [ sin x + (1/3) sin 3x + (1/5) sin 5x + (1/7) sin 7x + ... ]
```

எண்ணாகச் சொன்னால் குணகங்கள் 1.273, 0.424, 0.255, 0.182, 0.141 என்று இறங்குகின்றன. இறங்கும் வேகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1/n என்பது மெதுவான இறக்கம். அலையில் தாவல் இருப்பதன் அடையாளமே அது. முக்கோண அலையில் தாவல் இல்லை, கூர்முனை மட்டும்தான், அதன் குணகங்கள் 1/n² வேகத்தில் குறைந்துவிடும். பின்னால் வரப்போகிற தொல்லைக்கெல்லாம் இந்த 1/n தான் காரணம்.

ஒவ்வொன்றாகச் சேர்த்தால் என்ன ஆகிறது

முதல் அலை மட்டும் இருக்கும்போது நடுவில், அதாவது 90 பாகையில், உயரம் 1.273. இருக்க வேண்டியதைவிட அதிகம். மூன்றாவது ஹார்மோனிக்குக்கு அந்த இடத்தில் மதிப்பு −1, ஆகவே அது நடுவை 0.424 அளவுக்கு அமுக்கி 0.849க்குக் கொண்டுவருகிறது. அதே சமயம் ஓரங்களில் அது நேர்மதிப்பு, அதனால் தோள்கள் தூக்கப்படுகின்றன. ஐந்தாவது நடுவை மறுபடி மேலே தள்ளி 1.103 ஆக்கும், ஏழாவது 0.922க்கு இறக்கும், ஒன்பதாவது 1.063க்கு ஏற்றும். இப்படி 1க்கு இருபுறமும் ஊசலாடியபடியே நெருங்குகிறது.

நடுவில் நடப்பது 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்ற தொடர்தான். அதன் கூடுதல் π/4. கேரளத்தின் சங்கமகிராம மாதவர் பெயரோடும், ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் பெயரோடும் அறியப்படும் அதே தொடர். அதை 4/π ஆல் பெருக்கினால் சரியாக 1. மெதுவாக ஒருங்குவதற்குப் பேர்போன தொடர் இது. பத்து ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளுக்குப் பிறகும் நடுவில் 0.968தான் இருக்கும், நூறு சேர்த்தால் 0.997. மெதுவாகவாவது வந்து சேர்ந்துவிடுகிறது.

தாவல் இருக்கும் 0 பாகையில் நிலைமை வேறு. அங்கே எல்லா சைனும் பூஜ்யம், ஆகவே எத்தனை சேர்த்தாலும் கூடுதல் பூஜ்யமே. +1க்கும் −1க்கும் சரியான நடுப்புள்ளி அது. தாவல் இருக்கும் இடத்தில் ஃபூரியே தொடர் இரு பக்க மதிப்புகளின் சராசரிக்குப் போகும் என்று டிரிஷ்லே 1829இல் நிறுவினார். நம் சதுர அலையில் அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

விளிம்பின் செங்குத்தும் சுலபமாகக் கிடைக்கிறது. கோணத்தை ரேடியனில் அளந்தால் sin nx இன் சரிவு 0 பாகையில் n, குணகத்தில் 1/n இருக்கிறது, இரண்டும் வெட்டுப்பட்டு ஒவ்வொரு ஹார்மோனிக்கும் ஒரே அளவு சரிவை, 4/π, கொண்டுவருகிறது. m ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் சேர்த்தால் சரிவு 4m/π. விளிம்பு நிமிர்ந்துகொண்டே போகிறது, ஆனால் எந்த நிலையிலும் முழுச் செங்குத்து ஆவதில்லை.

கொம்பு

அந்த விளிம்பில் ஏறி மேலே வந்ததும் அலை 1இல் நிற்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. அப்புறம் கீழே இறங்கி, மறுபடி ஏறி, சிற்றலைகளாக அடங்குகிறது. முதல் தாண்டல்தான் மிகப் பெரியது. அதைக் கொம்பு என்று அழைப்போம். "இன்னும் நிறைய ஹார்மோனிக்குகள் சேர்த்தால் இந்தக் கொம்பு மறைந்துவிடும்" என்றுதான் முதலில் எவருக்கும் தோன்றும். ஐந்து ஹார்மோனிக்குகளை வைத்து அளந்து பார்ப்போம்.

கொம்பின் உச்சியில் சரிவு பூஜ்யமாக இருக்க வேண்டும். m அலைகளின் சரிவைக் கூட்டினால் cos x + cos 3x + … என்று வரும். அதற்கு sin(2mx)/(2 sin x) என்ற சுருக்கமான விடை உண்டு. 2mx முதன்முறையாக 180 பாகையைத் தொடும்போது அது பூஜ்யம் ஆகிறது. ஆகவே உச்சி இருப்பது 90/m பாகையில். m = 5 என்றால் 18 பாகை. அந்த இடத்தில் ஐந்து உறுப்புகளும் இவை:

```
sin 18°      = 0.3090
sin 54°  / 3 = 0.2697
sin 90°  / 5 = 0.2000
sin 126° / 7 = 0.1156
sin 162° / 9 = 0.0343
கூடுதல்       = 0.9286,   × 4/π = 1.182
```

எல்லாமே நேர்மதிப்பு. 18 பாகையில் ஐந்து ஹார்மோனிக்குகளும் ஒரே திசையில் தள்ளுகின்றன, ஒன்றைப் பிடித்து நிறுத்த இன்னொன்று இல்லை. நடுவில் பார்த்த மேலும் கீழுமான இழுபறி இங்கே கிடையாது. m ஐ மாற்றினாலும் இதே நிலைதான். உச்சி 90/m பாகைக்கு நகர்ந்து, அங்கே கோணங்கள் 0க்கும் 180க்கும் இடையில் சம இடைவெளியில் விழுகின்றன, ஒன்றுகூட எதிர்மதிப்பு ஆவதில்லை.

உயரம் ஏன் குறைவதில்லை என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. அந்த ஐந்து கோணங்களை t என்று ரேடியனில் எழுதினால், கூடுதல் இப்படி மாறும்: (sin t)/t என்ற வளைவின் கீழே 0 முதல் π வரை ஐந்து பட்டைகள் வெட்டி, ஒவ்வொரு பட்டையின் நடுவில் உயரம் அளந்து, பரப்பைக் கூட்டி, 2/π ஆல் பெருக்கியது. 18 பாகை முதல் பட்டையின் நடு, 54 இரண்டாவதின் நடு, இப்படியே. ஹார்மோனிக்குகளைக் கூட்டக் கூட்டப் பட்டைகள் மெலியும், அவ்வளவுதான். அடியில் உள்ள வளைவோ அதன் பரப்போ மாறாது. அந்தப் பரப்பு 1.8519. 2/π ஆல் பெருக்கினால் 1.179.

ஆகவே m = 1 என்றால் உச்சி 1.273, m = 2க்கு 1.200, m = 5க்கு 1.182, m = 10க்கு 1.180, m = 100க்கு 1.179. அதோடு நின்றுவிடுகிறது. லட்சம் ஹார்மோனிக்குகள் சேர்த்தாலும் 1.179க்குக் கீழே இறங்காது. −1 முதல் +1 வரையுள்ள முழுத் தாவலின் அளவு 2 என்பதால், மீறல் அதில் ஏறத்தாழ 9 சதவீதம். தாவல் உள்ள எந்த அலைக்கும் இதே விகிதம்தான். ரம்பப்பல் அலையாக இருந்தாலும், தாவலின் உயரம் எதுவாக இருந்தாலும், தாவலுக்கு இரு பக்கமும் அதன் உயரத்தில் 9 சதவீதம்.

இதற்கு கிப்ஸ் நிகழ்வு என்று பெயர். ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் 1898, 1899 ஆண்டுகளில் நேச்சர் இதழுக்கு எழுதிய கடிதங்கள் வழியாகப் பெயர் வந்தது. இயற்பியலாளர் மைக்கேல்சன் அந்தக் காலத்தில் ஸ்ட்ராட்டனோடு சேர்ந்து 80 ஹார்மோனிக்குகளை இயந்திரத்தால் கூட்டி வரையும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். தாவலில் இத்தொடர்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற விவாதத்தை நேச்சரில் தொடங்கி வைத்தவரும் அவர்தான். ஆனால் இந்தக் கொம்பை முதலில் கண்டு கணக்குப் போட்டவர் ஹென்றி வில்பிரகாம். அவர் கட்டுரை 1848இலேயே வெளிவந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகள் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்படியானால் தொடர் ஒருங்குகிறதா, இல்லையா?

இங்கேதான் குழப்பம் வரும். கொம்பு குறையவே இல்லை என்றால் ஃபூரியே சொன்னது தப்பா? இல்லை. கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்போம். 9 பாகை என்று வைத்துக்கொள்வோம். பத்து ஹார்மோனிக்குகள் இருக்கும்போது கொம்பின் உச்சி சரியாக அங்கே இருக்கும், மதிப்பு 1.18. இருபது சேர்த்தால் உச்சி 4.5 பாகைக்கு நகர்ந்துவிடும், நம் புள்ளியில் அடுத்த பள்ளம் வந்து நிற்கும், மதிப்பு ஏறத்தாழ 0.90. நூறு சேர்க்கும்போது உச்சி 0.9 பாகைக்குப் போய்விட்டது, 9 பாகையில் சுமார் 0.98. ஆயிரம் சேர்த்தால் 0.998. கொம்பு நம்மைக் கடந்து விளிம்பை நோக்கிப் போய்விட்டது, இங்கே அமைதி வந்துவிட்டது. தாவலைத் தவிர எந்தப் புள்ளியைப் பிடித்தாலும் இதே கதைதான். புள்ளி விளிம்புக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். இது புள்ளிவாரியான ஒருங்கல், அது நடக்கிறது.

இன்னொரு கேள்வி: எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் பார்த்தால், மிக மோசமான பிழை எவ்வளவு? அது குறைவதே இல்லை. கொம்பு எப்போதும் எங்கேயோ ஓரிடத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த மோசமான பிழையும் பூஜ்யத்துக்குப் போவதைத்தான் சீரான ஒருங்கல் என்பார்கள், அது இங்கே நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. தொடர்ச்சியான வளைவுகள் சீராக ஒருங்கினால் கிடைப்பதும் தொடர்ச்சியாகத்தான் இருக்கும், சதுர அலையோ தாவுகிறது.

பிழையின் இருமடியைச் சுற்று முழுக்கச் சராசரி எடுத்தால் என்ன என்பது மூன்றாவது. கொம்பின் உயரம் மாறாவிட்டாலும் அகலம் 1/m ஆகச் சுருங்குகிறது, அதனால் அதன் பங்கு ஒன்றுமில்லாமல் போகிறது. இருமடியின் சராசரியை ஆற்றல் என்று கொண்டால், சதுர அலையின் மொத்த ஆற்றலில் அடிப்படை அலை மட்டுமே 81 சதவீதம். மூன்றாவதைச் சேர்த்தால் 90, ஐந்து ஹார்மோனிக்குகள் சேர்ந்தால் 96. மிச்சம் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. மின்சுற்று வேலையில் பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்விதான் தேவைப்படும்.

நீங்களே வரைந்து பார்க்கும்போது

பைத்தானில் ஐந்து வரி போதும்:

```python
import numpy as np
m = 5
x = np.linspace(-np.pi, np.pi, 20001)
s = 4/np.pi * sum(np.sin(n*x)/n for n in range(1, 2*m, 2))
print(s.max())
```

m = 5க்கு 1.1823 வரும். m ஐக் கூட்டிப் பாருங்கள், 1.179இல் நிற்கும். இங்கே ஒரு பொறி உண்டு. 20001 என்பதற்குப் பதில் 201 புள்ளிகள் வைத்துக்கொண்டு m = 1000 கொடுத்தால், விடை 1ஐத் தாண்டவே தாண்டாது. "பார்த்தாயா, கொம்பு போய்விட்டது" என்று நினைக்கத் தோன்றும். போகவில்லை. இப்போது உச்சி 0.09 பாகையில் இருக்கிறது, நீங்கள் அளக்கும் புள்ளிகளோ 1.8 பாகை இடைவெளியில் நிற்கின்றன. இன்னும் சொன்னால், அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் சிற்றலையின் பள்ளத்தில் போய் விழுகின்றன. முதல் உச்சி வரைக்கும் நாலைந்து புள்ளிகளாவது இருக்கிற மாதிரி இடைவெளியை வைத்தால்தான் அளவு நம்பத்தக்கது.

கொம்பு வேண்டாம் என்றால் ஒரு வழி, குணகங்களை மெல்லத் தணிப்பது. 1900இல் ஃபெயர் என்ற ஹங்கேரிக் கணிதர் காட்டிய முறையில், கடைசிக் கூடுதலை மட்டும் எடுக்காமல், அதுவரை வந்த கூடுதல்கள் எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பார்கள். தொடக்கத்திலுள்ள பூஜ்யத்தையும் இரட்டைப்படை இடங்களையும் சேர்த்து எண்ணினால், நம் ஐந்து ஹார்மோனிக்குகளுக்கு அது 0.9, 0.7, 0.5, 0.3, 0.1 என்று பெருக்குவதற்குச் சமம். பிறகு அலை எங்கேயும் 1ஐத் தாண்டாது. இதற்கு விலை உண்டு: 90 பாகையில் மதிப்பு 0.936 ஆக இருக்கும், விளிம்பின் சரிவு பழையதில் சரிபாதி ஆகிவிடும். இப்படித் தணித்துக் கொம்பைத் தவிர்த்தால், அதே எண்ணிக்கை ஹார்மோனிக்குகளில் விளிம்பின் கூர்மை குறையத்தான் செய்யும்.

ஒலி வேலை செய்கிறவர்களுக்கு இது நேரடியாகத் தட்டுப்படும். ஹார்மோனிக்குகளைக் கூட்டிச் செய்த சதுர அலையை முழு அளவுக்கு ஏற்றி வைத்தால், கொம்புகள் 1.18 வரை போய் வெட்டுப்படும், வெட்டிய இடத்தில் புதிய ஹார்மோனிக்குகள் முளைக்கும். ஏறத்தாழ 1.5 டெசிபெல் இடம் விட்டு வைப்பது இதற்காகத்தான்.

ஆசிலாஸ்கோப்பில் சதுர அலையின் ஓரம் துள்ளுவதைப் பார்த்ததும் "கிப்ஸ்" என்று சொல்லிவிடும் பழக்கமும் இருக்கிறது. அது பல நேரம் தவறு. நாம் கட்டிய அலையில் சிற்றலை தாவலுக்கு முன்னும் பின்னும் சம அளவில் இருக்கும், ஏனென்றால் எந்த ஹார்மோனிக்கின் கட்டமும் நகர்த்தப்படவில்லை. ஒரு மின்சுற்றோ தாவல் வருமுன் அதற்குப் பதில் தர முடியாது, ஆகவே கம்பியின் இண்டக்டன்ஸும் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து உண்டாக்கும் துள்ளல் தாவலுக்குப் பிறகு மட்டுமே வரும், அதன் உயரமும் சுற்றைப் பொறுத்து 9 சதவீதத்துக்குக் கூடவோ குறையவோ இருக்கும். தாவலுக்கு முன்னாலேயே திரையில் சிற்றலை தெரிந்தால், டிஜிட்டல் ஆசிலாஸ்கோப் மாதிரிப் புள்ளிகளை sin x/x முறையில் இணைத்து வரைகிறதா என்று அமைப்பில் பாருங்கள். அதை நேர்கோட்டு முறைக்கு மாற்றியதும் முன்பக்கச் சிற்றலை மறைந்தால், அது கருவி வரைந்தது, சுற்றில் இல்லாதது.